நத்தையும் சாட்டையும்: ஒரு கேலிச்சித்திரத்தின் பொருள்கோடல்

கேலிச்சித்திரம் ஒன்றை அதனைப் பார்த்திராத ஒருவருக்கு விளக்க முற்படுவோர், படத்திற் காணப்படுவனவற்றை வரிசைப்படுத்திக் கூறுவதோடு தொடங்குவது வழக்கம். யார் நிற்கிறார், யார் அமர்ந்திருக்கிறார், யாருடைய கையில் என்ன இருக்கிறது என்பன சொல்லப்படும். ஆனால் அந்த வரிசையை எவ்வளவு நுணுக்கமாகக் கூறினாலும் நகைப்பு அதனுள் அகப்படுவதில்லை. கேலிச்சித்திரக்காரன் தன் வாசகன் அந்த வாரத்திற் படித்த செய்தியையும், அவன் நாவிற் பழகிய மரபுத்தொடரையும், அவன் சமூகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஏறியிருக்கும் மதிப்பையும் தாளில் வரைவதில்லை. அவை வாசகனிடம் ஏலவே உள்ளன எனக் கொண்டே அவன் வரைகின்றான். வரையாது விடப்பட்ட அப்பகுதியிலேதான் நகைப்பின் பெரும்பங்கு தங்கியுள்ளது. காலமும் வாசகரும் மாறும்போது முதலில் அழிவதும் அப்பகுதியே. படம் அழியாது நிற்பதால் அதன் பொருளும் அழியாது நிற்கின்றது என்ற மயக்கம் மாத்திரம் எஞ்சுகின்றது.

இம்மயக்கம் எவ்விடங்களில் உண்டாகின்றது என்பதைப் பொதுப்படப் பேசுவதினும், ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது பயனுடையது. 1949ஆம் ஆண்டில் ‘சங்கர்ஸ் வீக்லி’ என்னும் ஆங்கில வார இதழுக்காகக் கே. சங்கர் பிள்ளை வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். வரையப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்னர், 2012ஆம் ஆண்டில், அப்படம் இந்திய நாடாளுமன்றத்தை ஒரு நாள் கலக்கியது. அதன் விளைவாகப் பாடநூலொன்று திரும்பப் பெறப்பட்டது. அப்பாடநூலின் தலைமை ஆலோசகர் இருவர் பதவி விலகினர். ஒரே படம் ஒரு சாராருக்குப் பாதகமற்ற நகைச்சுவையாகவும் மற்றொரு சாராருக்குப் பொறுக்கவொண்ணா அவமதிப்பாகவும் தோன்றியமைக்கு, இரு சாராருள் ஒருவர் அறிவிலிகள் என்பது விடையாகாது. இரு சாராரும் படத்தின் வெளியேயிருந்து வெவ்வேறு செய்திகளைக் கொணர்ந்து அதனைப் படித்தனர் என்பதே விடையாகும்.

முதலிற் கண்ணுக்குப் புலனாவனவற்றைக் கூறிவிடுவோம். படத்தின் நடுவே பெரிய நத்தையொன்று ஊர்கின்றது. அதன்மேல் அரசியல் யாப்பு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் எழுதப்பட்டுள்ளது. நத்தையின் மீது அம்பேத்கர் அமர்ந்திருக்கின்றார்; அவர் கையில் ஒரு சாட்டை. பின்னால் ஜவஹர்லால் நேரு நிற்கின்றார். அவர் கையிலும் ஒரு சாட்டை ஓங்கப்பட்டுள்ளது. சற்று அப்பால் மக்கட் கூட்டமொன்று வேடிக்கை பார்க்கின்றது. படத்திற் காணப்படுவன இவ்வளவே. இதற்கு மேற் சொல்லப்படும் எதுவும், நேரு எதனை அடிக்கிறார் என்பது உட்பட, பார்வையாளர் படத்தினுள்ளே கொண்டு சேர்ப்பதாகும். அசைவற்ற கோட்டோவியத்தில் ஓங்கிய சாட்டை எவ்விடத்தில் விழும் என்பது வரையப்படுவதில்லை, ஊகிக்கப்படுகின்றது. பின்னால் நிற்பவரின் சாட்டை நத்தையை நோக்கியது என்றும் படிக்கலாம். முதுகு காட்டி அமர்ந்திருப்பவரை நோக்கியது என்றும் படிக்கலாம். 2012ஆம் ஆண்டின் சச்சரவு முழுவதும் இந்த ஓர் ஊகத்தையே மையமாகக் கொண்டிருந்தது.

படத்தின் முதலாவது வெளிச்செய்தி அது தோன்றிய ஆண்டிற்குரியது. அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியது 1946 திசெம்பர் 9ஆம் திகதி. அம்பேத்கரின் தலைமையில் வரைவுக்குழு அமைக்கப்பட்டது 1947 ஆகஸ்ட் 29ஆம் திகதி. யாப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது 1949 நவம்பர் 26ஆம் திகதி. இடைப்பட்ட காலம் மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவானது. 1949ஆம் ஆண்டளவில் இத்தாமதம் பற்றிய முணுமுணுப்பு வெளிப்படையான குற்றச்சாட்டாக வளர்ந்திருந்தது. சபை உறுப்பினர் ஒருவர் வரைவுக்குழுவை ஆங்கிலச் சொல்விளையாட்டொன்றினால், இலக்கின்றி மிதந்து செல்லும் குழு என எள்ளியுமிருந்தார். இப்பின்னணியை அறிந்த வாசகனுக்கே நத்தை உடனடியாக விளங்கும். வேலை ஊர்ந்து செல்கின்றது, ஓட்டுபவரும் அவசரப்படுத்துகிறார், தலைமை அமைச்சரும் அவசரப்படுத்துகிறார், பிராணியோ தன் இயல்புக்கு மேல் நகர மறுக்கிறது என்பதே அவ்வாசகன் கண்ட நகைப்பாகும். நத்தையைச் சாட்டையால் விரட்ட இயலாது என்பது நகைப்பின் உயிர்நாடி. அவ்வாசிப்பில் இரு சாட்டைகளும் ஒரே திசையிற் செயற்படுவன.

அவ்விதழின் வாசகருக்குப் பழகிப்போன மற்றொரு செய்தியும் உண்டு. சங்கர் நேருவை இடைவிடாது எள்ளி வரைந்தவர். தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என நேருவே அவரிடம் கூறியதாக வழங்கும் செய்தி, பிற்காலத்தில் அக்கேலிச்சித்திரத் தொகுப்பொன்றின் தலைப்பாகவும் அமைந்தது. ஆகவே தலைவர்களை நகைப்புக்கிடமாக்குவது அவ்விதழ் வாசகருக்கு அன்றாட வழக்கம். ஒரு தலைவரைக் கேலி செய்தமையால் மாத்திரம் அவருக்கு இழுக்கு நேர்ந்ததென அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வெளிச்செய்தி மொழிக்குரியது. நத்தை மந்தகதியின் குறியீடாக வருவது ஆங்கில மரபுத்தொடர் ஒன்றின் வழியாகும். தமிழிற் பத்திரிகைகள் நத்தை வேகம் என எழுதிவருகின்றன எனினும், நமது வழக்கில் மந்தகதிக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆமையே. இதனை வெறுஞ்சொல் வேறுபாடு எனக் கொள்ளலாகாது. மரபுத்தொடரை அறிந்தவன் படத்தைப் பார்க்கும்போது நத்தை ஒரு சொல்லாகவே மாறிவிடுகின்றது. அதன் வழவழப்பும் அற்பத்தன்மையும் அவன் கண்ணிற் படுவதில்லை. மரபுத்தொடரை அறியாதவனோ நத்தையை நத்தையாகவே காண்கின்றான். தெய்வங்களுக்கும் வேந்தர்களுக்கும் ஊர்தி வகுத்துப் பழகிய பண்பாட்டில், ஒருவர் எதன்மீது ஏறியிருக்கிறார் என்பது அவர் தகுதியைச் சொல்வதாகும். யானைமீதும் குதிரைமீதும் தேர்மீதும் தலைவர்கள் வரும் ஊரில், ஒருவரை மட்டும் சேற்றில் ஊரும் பிராணிமீது ஏற்றிவைத்தால் அது வேகத்தைப் பற்றிய பேச்சாகத் தோன்றாது. மதிப்பைப் பற்றிய பேச்சாகத் தோன்றும். ஆங்கிலம் அறிந்த வாசகனுக்கு மறைந்திருந்த ஒன்று, அம்மொழியின் வாயிலாக வராத வாசகனுக்கு வெளிப்படையாகத் தெரிகின்றது. இங்கு ‘அறியாமை’ என நாம் வழங்குவது, உண்மையில் வேறொரு வகை அறிவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

மூன்றாவதும் மிக முக்கியமானதுமான வெளிச்செய்தி சாட்டைக்குரியது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் சுட்டப்படும் இக்கருவியைத் தமிழர் பெரும்பாலும் இரு வகையாகப் பிரித்து நோக்குவர். வண்டி மாட்டையும் குதிரையையும் விரட்டுவது சாட்டை. மனிதரைத் தண்டிக்கும்போது அதே கருவி சவுக்கு எனவும் கசை எனவும் பெயர் பெறுகின்றது. எனவே இப்படத்தைத் தமிழில் விளக்கப் புகுபவர் நேருவின் கையிலிருப்பது சாட்டை என எழுதினால், அது நத்தைக்குரியது என ஏலவே தீர்ப்பளித்துவிடுகின்றார். சவுக்கு என எழுதினால் அது மனிதனுக்குரியது எனத் தீர்ப்பளித்துவிடுகின்றார். பொருளுக்குப் பெயரிடும் அக்கணத்திலேயே பொருள்கோடல் நிகழ்ந்துவிடுகின்றது. வெறும் விவரணையே செய்கிறோம், கருத்துரைக்கவில்லை எனக் கூறுவோரும் இப்பொறியிலிருந்து தப்புவதில்லை.

இப்பெயர் வேறுபாட்டின் பின்னே ஒரு வரலாறு உண்டு. தஞ்சைப் பகுதியில் பண்ணையாட்களாக இருந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சவுக்கடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் செய்யும் ‘சாணிப்பால்’ தண்டனையும் வழங்கப்பட்டு வந்தன. 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் அங்கு கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் முதன்மையாக எதிர்த்த கொடுமைகள் இவை. அவ்விருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் சவுக்கு உடல்மீது பட்டறியப்பட்ட ஒன்றாக இருந்தது என்பதே இதன் கருத்து. அம்மக்களின் வழிவந்தோருக்குப் பிராமணத் தலைவர் ஒருவர், தீண்டத்தகாதவர் எனப்பட்ட சாதியிற் பிறந்த தலைவர் ஒருவரின் முதுகுக்குப் பின்னே சவுக்கை ஓங்கி நிற்கும் காட்சி, அரசியல் நிர்ணய சபையின் கால அட்டவணையை நினைவூட்டுமென எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்? 2012 மே 11ஆம் திகதி மக்களவையில் இப்பிரச்சினையை எழுப்பியவர் சிதம்பரம் தொகுதியின் உறுப்பினரான தொல். திருமாவளவன் என்பதை இங்குக் குறிப்பிடல் தகும்.

பாடநூலை ஆக்கியோர் செய்தது யாது? 2006ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் பதினோராம் வகுப்பு அரசியல் விஞ்ஞான நூல் மனனக் கல்விக்கு மாற்றாக உருவாக்கப்பட்டது; மாணவரை வினவத் தூண்டும் பொருட்டே கேலிச்சித்திரங்கள் அதிற் சேர்க்கப்பட்டன. நத்தைப் படத்தின் அருகே, யாப்பாக்கத்தின் மந்தகதி பற்றிய கேலிச்சித்திரக்காரரின் எண்ணம் இது எனக் குறிப்பு எழுதப்பட்டது. சபை இவ்வளவு காலம் எடுத்தமைக்குக் காரணம் என்னவென மாணவர் வினவப்பட்டனர். தாமதத்துக்குக் காரணம் சோம்பலன்று, விவாதித்துக் கருத்தொருமை காண முயன்றமையே எனப் பாடத்தின் உட்பகுதி விளங்க வைத்தது. ஆகவே அம்பேத்கரை இழிவுபடுத்துவது நூலாக்கியோரின் நோக்கமாக இருந்தது என்பதற்கு இடமில்லை. ஆனால் அவர்களின் குறிப்பு முதலாவது வெளிச்செய்தியை மட்டுமே வழங்கியது. நத்தையை விளக்கிற்று, சாட்டையை விளக்காது விட்டது. விளக்கம் தேவைப்படாத பொருளாகச் சாட்டை அவர்களுக்குத் தோன்றியது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. எந்தப் பொருளுக்கு விளக்கம் தேவையில்லை என ஒருவர் கருதுகிறாரோ, அந்தப் பொருளிலேயே அவர் நிற்கும் சமூக இடம் வெளிப்படுகின்றது.

எதிர்த்தோர் தரப்பிலும் ஓர் இழப்பு நிகழ்ந்தது. அவர்களுட் பலர் படத்தை அதன் பக்கத்திலிருந்து பிரித்துத் தனிப்படமாகவே கண்டனர். பாடத்தின் வாசகமும் 1949ஆம் ஆண்டின் வழக்கும் அதனோடு வரவில்லை. இன்று இணையத்தில் உலவும் மீம்கள் போன்று, ஆண்டும் இதழின் பெயரும் இழந்து, கை மாறிக் கை மாறிச் சென்ற படத்தில் எஞ்சியது ஓங்கிய கையும் முதுகும் மாத்திரமே. கல்வி அமைச்சர் கபில் சிபல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பால்ஷிகரும் விலகினர். மறுநாள் புனேப் பல்கலைக்கழகத்திற் பால்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. விளக்கப்பட வேண்டிய ஒன்று விளக்கப்படாமலே நீக்கப்பட்டது.

இனி, விளக்கவுரை உண்மையில் எதனைச் சேர்த்திருக்க வேண்டும் என்பதை நோக்குவோம். இதற்கு அம்பேத்கரே உதவுகின்றார். 1949 நவம்பர் 25ஆம் திகதி அவர் சபையில் ஆற்றிய இறுதியுரையிற் தாமதக் குற்றச்சாட்டை நேரடியாக எதிர்கொண்டார். அமெரிக்க யாப்புப் பேரவை நான்கு மாதங்களுள் தன் பணியை முடித்தது. கனடாவுக்கு இரண்டு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் சென்றன. அவுஸ்திரேலியாவுக்கு ஒன்பது ஆண்டுகள் சென்றன என்று அவர் ஒப்பிட்டுக் காட்டினார். அமெரிக்க யாப்பில் உறுப்புரைகள் 7 மாத்திரமே. இந்திய யாப்பிலோ 395. சமர்ப்பிக்கப்பட்ட திருத்தங்கள் ஏறத்தாழ 7,635. அவற்றுள் உண்மையாக முன்மொழியப்பட்டவை 2,473. இதற்கு ஓராண்டு முன்னரே, 1948 நவம்பர் 5ஆம் திகதி, அதே குழுவின் உறுப்பினரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி வேறொரு செய்தியைச் சபையில் வெளியிட்டிருந்தார். எழுவர் கொண்ட குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றொருவர் அரச கருமங்களில் ஈடுபட்டிருந்தார், ஓரிருவர் உடல்நலம் காரணமாகத் தில்லியிலிருந்து தொலைவில் இருந்தனர். ஆகவே வரைவின் சுமை இறுதியில் அம்பேத்கர் ஒருவர்மேலேயே விழுந்தது என்பது அவர் கூற்றின் சாரம்.

இச்செய்திகளை அருகில் வைத்துப் படத்தைத் திரும்ப நோக்குமிடத்து, பாதகமற்ற வாசிப்பும் முழுமையாக நிலைநிற்பதில்லை. இரு சாட்டைகளும் நத்தையையே விரட்டுகின்றன எனக் கொண்டாலும், ஒருவர் சுமக்கிறார், மற்றவர் விரட்டுகிறார் என்னும் வேறுபாடு மறையாது. தனியொருவராகச் சுமந்தவர் தாமதத்தின் உருவமாக வரையப்பட்டுள்ளார். நேருவைச் சங்கர் ஆயிரம் முறை எள்ளியிருந்தபோதும், இப்படத்தில் அவசரப்படுத்தும் அதிகாரம் நேருவிடமே உள்ளது. எல்லோரையும் சமமாக எள்ளும் கை, சமமாக இல்லாதோரை எள்ளும்போது சமமான விளைவைத் தருவதில்லை.

இதற்குத் துணையாக மற்றொரு சான்றும் பின்னர் கிடைத்தது. 1932 முதல் 1948 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த கேலிச்சித்திரங்களை உன்னமதி சியாம சுந்தர் திரட்டி 2019ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நூற்றுக்கு மேற்பட்ட அப்படங்களை ஒருசேரப் பார்க்கும்போது, பிற தலைவர்களின் அருகே அம்பேத்கரை உருவிற் சிறியவராகவும் இடையூறு விளைப்பவராகவும் வரைவது அக்காலக் கேலிச்சித்திரத்தின் பழக்கமாகவே இருந்தமை புலப்படுகின்றது. ஒரு படத்தின் பொருள் அப்படத்தினுள் மாத்திரம் இல்லை. அது பிறந்த வரிசையிலும் உள்ளது. தனித்து நோக்கினால் தாமதம் பற்றிய நகைப்பாகத் தோன்றும் நத்தை, வரிசையில் வைத்து நோக்கினால் நீண்ட பழக்கமொன்றின் தொடர்ச்சியாகத் தோன்றுகின்றது. இவ்விரு தோற்றங்களும் உண்மையே. சங்கரின் உள்நோக்கம் என்ன என்பது ஒரு கேள்வி. அவர் வழக்கமாகக் கையாண்ட காட்சிமொழி எதனைச் சுமந்து வந்தது என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்குக் கிடைக்கும் நல்ல விடை இரண்டாவதனைத் தீர்த்துவிடாது.

இத்தகைய இழப்பு ஒரு சமூகத்துக்கு மாத்திரம் நேர்வதன்று. அதே 2012ஆம் ஆண்டில், பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்த ஆர். கே. லக்ஷ்மணின் படமொன்றும் தமிழ்நாட்டில் எதிர்ப்பை எழுப்பியது. 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய அப்படம், கல்லெறியும் மாணவனுக்கு ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாது என எள்ளுகின்றது. இந்திக்கு மாற்றாக ஆங்கிலத்தைக் கோருபவனுக்கு அதுவும் வராது என்பதே, ஆங்கில நாளிதழ் வாசகனுக்கு அதிற் கிடைத்த முரண். தீக்குளித்தோரையும் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தோரையும் நினைவிற் கொண்ட தமிழ் வாசகனுக்கு அம்மாணவன் வகைமாதிரியான முரடன் அல்லன். அவனுக்கு முகமும் ஊரும் உண்டு. நத்தைப் படத்தைப் பார்த்து இதிலென்ன இருக்கின்றது என வினவிய தமிழர் எவரேனும் இருப்பின், கல்லெறியும் மாணவனின் படம் அவர்களுக்கு விடையாக அமையக்கூடும்.

பாடநூற் கேலிச்சித்திரங்களை ஆராயச் சுகதேவ் தோரட் தலைமையில் அமைந்த குழு பல படங்களை நீக்குமாறு பரிந்துரைத்தது. அக்குழுவில் மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதியவர் எம். எஸ். எஸ். பாண்டியன். திராவிட இயக்கத்தையும் சாதியையும் ஆழ்ந்து ஆராய்ந்த தமிழரான அவர் நீக்கத்துக்கு உடன்படாமை குறிப்பிடத்தக்கது. அவமதிப்பை உணர்வதற்கும் படத்தை அகற்றக் கோருவதற்கும் இடையே இன்னொரு வழியுண்டு என்பது எமது கருத்துமாகும். அவ்வழி நிறைவான விளக்கவுரையாகும். நத்தைப் படத்துக்கு அத்தகைய உரையை நாம் பின்வருமாறு அமைப்போம்:

“இப்படம் 1949இல், யாப்பு தாமதமாகின்றது என்ற குற்றச்சாட்டு வலுத்திருந்தபோது வரையப்பட்டது. நத்தை ஆங்கில வழக்கில் மந்தகதியைக் குறிக்கும். நேருவின் கையிலுள்ள கருவி நத்தையை நோக்கியதா, அம்பேத்கரை நோக்கியதா என்பதைப் படம் தெளிவாக்கவில்லை. விலங்கை விரட்டும் அக்கருவியாலேயே தாழ்த்தப்பட்ட மக்கள் தண்டிக்கப்பட்டு வந்தமையால், பலர் இதனை அவமதிப்பாகக் காண்கின்றனர். வரைவின் சுமை யார்மேல் விழுந்தது என்பதைச் சபை உரைகளிலிருந்து அறிந்து, இப்படத்தில் யார் நகைப்புக்கிடமாக்கப்படுகின்றார், அது நீதியானதா என விவாதிக்க.”

இவ்வாறு ஐந்து வாக்கியங்கள் சேர்க்கப்பட்ட படம் எவரையும் சிரிக்க வைக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விளக்கப்பட்ட நகைச்சுவை நகைச்சுவையாக எஞ்சுவதில்லை. அது சான்றாக மாறிவிடுகின்றது. ஒரு காலத்தில், ஒரு மொழியில், எவர் யாரைப் பார்த்து, எதன் பொருட்டுச் சிரித்தனர் என்பதற்கான சான்று அது. வகுப்பறையில் வேண்டப்படுவதும் அதுவே.